சுருங்க வேண்டியது சோறு

புனேயிலிருந்து அகமதுநகர் போகும் சாலையில் ஐம்பது கிலோமீட்டர் தாண்டினால் ரஞ்சன்காவ். அஷ்டவிநாயகத் தலங்களில் ஒன்றான மகாகணபதி கோயில் ஒரு பக்கம், தொழிற்பேட்டை ஒரு பக்கம். ஆலை வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் இப்போது ஊரிலிருந்து அம்மாவும் வந்து சேர்ந்திருக்கிறார். அப்பா போனபின் அங்கே தனியாக இருக்க வேண்டாம் என்று அழைத்துவந்திருப்பார்கள். மகனுக்கு ஷிஃப்ட், மருமகளுக்கும் வேலை, பேரன் பள்ளியில். பகல் முழுக்க ஒற்றை ஆள், தமிழ் தெரியாத அக்கம்பக்கம். மத்தியானம் மூடி வைத்த சோற்றைத் திறந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மீண்டும் மூடிவிடுவார். "போதும்மா, பசியே இல்ல" என்பதுதான் மாலையில் மருமகளுக்குக் கிடைக்கும் பதில்.

அப்படி ஒரு வீட்டை நான் அறிவேன். அந்த அம்மாளுக்கு 78 வயது. ஓராண்டுக்கு முன் 51 கிலோ இருந்தவர், சென்ற குளிர்காலத்தில் 46 கிலோ. "வயசாயிட்டா சாப்பாடு குறையத்தானே செய்யும்" என்று வீட்டில் எல்லோரும் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதில் பாதி உண்மை. சாப்பாடு குறையத்தான் செய்யும். ஆனால் தட்டிலிருந்து எது குறைகிறது என்பதை யாரும் பார்க்கவில்லை. குறைந்த பசிக்குக் குறைந்த அளவு உணவு கொடுப்பதைப் பற்றி மருத்துவ உலகம் நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்திருப்பதை அந்தத் தட்டின் மேல் வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

முதுமையில் பசி மங்குவதற்கு மருத்துவத்தில் தனிப்பெயர் வந்தது 1988இல். அமெரிக்க முதியோர் மருத்துவர் ஜான் மார்லி அதை 'முதுமையின் பசியின்மை' என்று அழைத்தார். நோய் எதுவும் இல்லாதபோதும் நேர்கிற ஒன்று இது. இளமையில் உணவு உள்ளே போனதும் இரைப்பையின் மேற்பகுதி தளர்ந்து இடம் கொடுக்கும். வயதானபின் அந்தத் தளர்ச்சி குறைகிறது. உணவு சீக்கிரமாகவே கீழ்ப்பகுதிக்கு இறங்கி அதை விரிக்கிறது, மூளைக்கு 'நிறைந்துவிட்டது' என்ற செய்தி முன்கூட்டியே போகிறது. பிறகு இரைப்பை காலியாவதும் மெதுவாகிறது. காலை பத்து மணிக்குக் குடித்த மோர் மதியம் ஒரு மணிக்கும் வயிற்றில் இருப்பதுபோலத் தோன்றுவது பாவனை இல்லை. இதோடு மூக்கின் கூர்மை மங்கி, நாக்கில் சுவையும் மங்குகிறது. நமக்கு மணக்கும் சாம்பார் அவருக்கு வெறும் புளித்தண்ணீராக இருக்கலாம்.

இன்னொரு ஆய்வு எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. 1994இல் சூசன் ராபர்ட்ஸ் குழுவினர் இளைஞர்களையும் முதியவர்களையும் சில வாரங்கள் அரைவயிற்றில் வைத்துவிட்டு, பிறகு விருப்பம்போல் சாப்பிடவிட்டார்கள். இளைஞர்கள் கூடுதலாகச் சாப்பிட்டு இழந்த எடையைப் பிடித்துக்கொண்டார்கள். முதியவர்களின் பசி அப்படித் திரும்பவில்லை. காய்ச்சல் வந்து பத்து நாள் கஞ்சி குடித்துப் படுத்த பாட்டி எழுந்தபின் பழைய உடம்புக்குத் திரும்பாததற்கு விளக்கம் இதில் இருக்கிறது. 'உடம்பு தேறினா தானா பசி எடுக்கும்' என்ற நம்பிக்கை முப்பது வயதுக்காரருக்கு மட்டுமே பொருந்தும்.

பசி இப்படிக் குறையும்போது தேவையும் அதே அளவுக்குக் குறைந்துவிட்டால் சிக்கலே இல்லை. ஓடியாடுவது குறைவதால் ஆற்றல் தேவை ஓரளவு குறைகிறது. புரதத்தின் தேவை குறைவதில்லை, கூடுகிறது. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை, வயது வந்தோர்க்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்கிறது. முதியோருக்கென்று தனியாக ஆராய்ந்த பன்னாட்டுக் குழு ஒன்று, புரோட்-ஏஜ் என்ற பெயரில் 2013இல், உடல்நலமுள்ள முதியவருக்கே கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்றது. நோயுற்றவருக்கு 1.2 முதல் 1.5 வரை. ஐரோப்பிய ஊட்டச்சத்து மருத்துவச் சங்கத்தின் முதியோர் வழிகாட்டியும் ஒரு கிராமுக்குக் குறையக் கூடாது என்கிறது. காரணம் தசையில் இருக்கிறது. இளைஞரின் தசை கொஞ்சம் புரதம் வந்தாலும் எடுத்துத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். முதியவரின் தசைக்குக் காது மந்தம் என்று வைத்துக்கொள்ளலாம், சத்தமாகக் கூப்பிட்டால்தான் திரும்பும். ஒரே வேளையில் ஓரளவு புரதம் சேர்ந்து வந்தால்தான் அது வேலையைத் தொடங்குகிறது.

46 கிலோ எடையுள்ள நம் அம்மாளுக்கு, ஆக, நாளைக்குக் குறைந்தது 46 கிராம். 55 கிடைத்தால் நல்லது.

அவர் என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று மருமகள் மூன்று நாள் எழுதிவைத்தார். இதைச் செய்யாமல் எதையும் மாற்றத் தொடங்கக் கூடாது. 'அத்தை ஒண்ணுமே சாப்பிடறதில்ல' என்பதும் 'நல்லாத்தான் சாப்பிடறாங்க' என்பதும் நினைவிலிருந்து வருபவை, இரண்டுமே தவறாக இருக்கும். எழுத வேண்டியது பரிமாறியதை இல்லை, உள்ளே போனதை. அந்தத் தாளில் இருந்தது இது. காலையில் பாதித் தண்ணீர் சேர்ந்த காபி. இரண்டு இட்லி, ஒரு கரண்டி சாம்பார். பதினொரு மணிக்கு ஒரு டம்ளர் நீர்மோர். மதியம் ஒரு கிண்ணம் ரசம் சாதம், கடைசியில் கொஞ்சம் தயிர், ஓரத்தில் தொட்டுக்கொள்ளப் பொரியல். நாலு மணிக்கு டீயும் இரண்டு மேரி பிஸ்கட்டும். இரவு ஒரு சப்பாத்தி, உருளைக்கிழங்கு, பிறகு அரை டம்ளர் பால்.

பார்வைக்கு இது குறைவான சாப்பாடாகத் தெரியாது. நாளைக்கு ஆறு வேளை ஏதாவது உள்ளே போகிறது. கணக்கிட்டால் மொத்தப் புரதம் ஏறத்தாழ 25 கிராம், தேவையில் பாதி. அதிலும் பாதிக்கு மேல் இட்லியிலும் சோற்றிலும் சப்பாத்தியிலும் சிதறிக் கிடக்கிற தானியப் புரதம். ஒரு வேளைகூட ஏழு கிராமைத் தாண்டவில்லை.

தமிழ் வீட்டுச் சாப்பாடு சுருங்கும்போது ஒரு குறிப்பிட்ட வரிசையில் சுருங்குகிறது. முதலில் போவது பொரியலும் கூட்டும், அவற்றை மெல்ல வேண்டும். அடுத்து கெட்டிப் பருப்பு போகிறது, 'வாயு' என்று. பிறகு மீனும் முட்டையும். சிலருக்கு முள் பயம், சிலருக்கு விதவையானபின் தாமே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. கடைசிவரை தட்டில் நிற்பவை ரசம் சாதமும் தயிர் சாதமும். மெல்ல வேண்டாம், பழகிய ருசி, வழுக்கிக்கொண்டு இறங்கும். இரண்டிலும் பெரும்பகுதி சோறும் தண்ணீரும்தான். ஒரு கிண்ணம் ரசத்தில் அரை கிராம் புரதம் இருந்தால் அதிகம். வீட்டார் அளவைக் குறைக்கும்போதும் எல்லாவற்றையும் சம விகிதத்தில் குறைக்கவில்லை, சோறல்லாததைத்தான் குறைத்தார்கள். வேண்டியது இதற்கு நேர்மாறு. தட்டு சிறிதாகலாம், ஆகட்டும். அதில் சோறும் தண்ணீரும் சுருங்க வேண்டும், பருப்பும் பாலும் முட்டையும் பழைய அளவிலேயே நிற்க வேண்டும்.

மருத்துவமனைகளில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ஒரு குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு நினைவில் வைத்துக்கொள்ளத் தக்கது. முதிய நோயாளிகளின் தட்டில் நிறைய மிச்சமாவதைக் கண்டு, பரிமாறும் அளவைக் குறைத்து, அந்தச் சிறிய அளவுக்குள் கொழுப்பான பொருள்களைச் சேர்த்துச் செறிவாக்கிக் கொடுத்தார்கள். வீணாவது குறைந்தது, உள்ளே போன ஆற்றல் கூடியது. ஆனால் புரதம் சொல்லும்படி கூடவில்லை. வெண்ணெயும் கிரீமும் கலோரியைத்தான் தருகின்றன. நம் வீடுகளில் இதன் வடிவம் நெய். 'ஒரு ஸ்பூன் நெய் விட்டுப் பிசைந்து கொடு' என்பது நல்ல யோசனைதான், எடை இறங்குவதைத் தடுக்கும். தசைக்கு அது பதிலாகாது. செறிவூட்டுவதாக நினைத்து நெய்யையும் சர்க்கரையையும் மட்டும் கூட்டுகிற வீடு, நாட்டிங்ஹாமின் அதே முடிவுக்குத்தான் வந்து சேரும்.

புரதத்தை எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ஒரு வேளையில் கிலோவுக்கு 0.4 கிராம் அளவு கிடைத்தால்தான் முதிய தசை முழுதாக விழிக்கிறது என்று 2015இல் வந்த மூர் குழுவினரின் கணக்கு சொல்கிறது. இளைஞருக்கு அது 0.24. அப்படியானால் நம் அம்மாளுக்கு வேளைக்கு 18 கிராம். இதை மூன்று வேளைக்கும் சமமாகப் பங்கிட வேண்டும் என்பார் ஒரு சாரார். பிரான்சில் 1999இல் முதிய பெண்களிடம் நடந்த ஆர்னால் குழுவின் ஆய்வோ, நாளின் புரதத்தில் பெரும்பகுதியை மதியம் ஒரே வேளையில் கொடுத்தபோதே உடலில் அதிகம் தங்கியது என்று கண்டது. இரண்டு தரப்பும் சாப்பிடக்கூடியவர்களை வைத்துப் பேசுகின்றன. இரண்டு வாயில் நிறைந்துவிடுகிறவருக்கு ஒரே வேளையில் 40 கிராம் கொடுப்பது நடக்கிற காரியமில்லை. என் பார்வையில் நடைமுறை இதுதான்: பசி நன்றாக இருக்கும் இரண்டு வேளைகளைக் கண்டுபிடித்து, அவற்றை மட்டும் 15 கிராம் அளவுக்குக் கொண்டுபோவது, மீதியைச் சிறு சிறு கிண்ணங்களாகப் பகலில் பரப்புவது. பெரும்பாலான முதியவர்களுக்குக் காலைதான் நல்ல பசி நேரம். நாம் அப்போதுதான் இட்லி கொடுக்கிறோம்.

ரஞ்சன்காவ் வீட்டில் முதலில் போனது மருத்துவரிடம், அதன் பிறகே அடுப்படிக்கு. ஓராண்டில் பத்தில் ஒரு பங்கு எடை இறங்கியிருந்தால் உணவை மாற்றுவதற்கு முன் காரணம் தேட வேண்டும். தைராய்டு, சர்க்கரை, காசநோய், புற்றுநோய், மனச்சோர்வு, மலச்சிக்கல், பசியைக் கெடுக்கும் மாத்திரைகள் என்று பட்டியல் நீளம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது கட்டாயம். அது மிகவும் பழுதாகி, டயாலிசிஸும் தொடங்காத நிலையில் இருப்பவருக்குப் புரதத்தைக் கூட்டக் கூடாது, இந்தக் கட்டுரையின் கணக்கு அவருக்குப் பொருந்தாது. இந்த அம்மாளுக்குச் சிறுநீரகம் சரியாக இருந்தது. கண்டுபிடிக்கப்பட்டது வேறு: எடை இறங்கியதில் ஈறும் வற்றி, பல்செட் தளர்ந்துபோய்விட்டது. மெல்லும்போது உரசிப் புண்ணாகியிருந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை, மெல்ல வேண்டியதையெல்லாம் ஒதுக்கிவிட்டார். பொரியல் போனதன் காரணம் பசியின்மை அல்ல, பல்.

பல்செட்டைச் சரிசெய்தபின் தட்டை மாற்றினார்கள். காபியில் தண்ணீரை எடுத்துவிட்டு 100 மில்லி முழுப்பால், அதில் ஒரு மேசைக்கரண்டி கொழுப்பு நீக்கிய பால்பவுடர். டம்ளரின் அளவு கூடவில்லை, புரதம் ஒன்றரையிலிருந்து ஆறு கிராமாகிவிட்டது. பவுடரை முதலில் ஆறின பாலில் கரைத்துவிட்டுச் சூடாக்க வேண்டும், கொதிக்கிற பாலில் போட்டால் கட்டிதட்டும், அந்தக் கட்டி ஒன்று வாயில் பட்டால் மறுநாள் காபியே வேண்டாம் என்பார். இட்லிக்குப் பதில் பாசிப்பருப்பு தோசை ஒன்று. 35 கிராம் தோல் நீக்கிய பாசிப்பருப்பை நான்கு மணி நேரம் ஊறவைத்து இஞ்சி, சீரகம், பெருங்காயம் சேர்த்து அரைத்து, முறுகாமல் சற்றே தடிப்பாக ஊற்றியது. தொட்டுக்கொள்ள வேர்க்கடலைச் சட்னி. இது 11 கிராம். காபியோடு சேர்ந்து காலை வேளை 17 ஆகிவிட்டது. பாசிப்பருப்பு மற்றப் பருப்புகளைவிட வயிற்றுக்கு இதமானது, வாயுத் தொல்லை என்று ஒதுக்கியவர்கள்கூட அதில் தொடங்கலாம்.

பதினொரு மணி நீர்மோரை நிறுத்தினார்கள். ஒரு டம்ளர் நீர்மோர் இரண்டு கிராம் புரதம் தந்துவிட்டு மதியப் பசியை முழுதாக எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பதில் உள்ளூர்ச் சரக்கு ஒன்று கைகொடுத்தது. மகாராஷ்டிரத்தில் ஸ்ரீகண்ட் செய்வதற்காகத் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடிப்பார்கள், அந்தக் கெட்டித் தயிருக்கு 'சக்கா' என்று பெயர். வீட்டிலும் வடிக்கலாம், பால்பண்ணைக் கடைகளிலும் கிடைக்கும். 60 கிராம் சக்காவில், அதாவது ஒரு சின்னக் கிண்ணத்தில், 5 கிராம் புரதம். அம்மாளுக்கு அதில் துளி சர்க்கரையும் ஏலக்காயும் போட்டால் பிடித்தது. அதிகம் புளித்தால் தொடமாட்டார்.

மதியத்துச் சோறு பாதியானது, 25 கிராம் அரிசியின் சோறு. அதன் மேல் 25 கிராம் துவரம்பருப்பைக் கெட்டியாக வேகவைத்து, நெய்விட்டுப் பிசைந்தது. இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். அவர் முன்பு வாங்கிக்கொண்ட ஒரு கரண்டி சாம்பாரில் ஐந்து கிராம் பருப்புகூட இருந்திருக்காது, மீதி புளித்தண்ணீர். சாம்பாரைப் பருப்புணவு என்று நினைப்பதுதான் நம் ஊரின் பெரிய கணக்குப் பிழை. பருப்புச் சாதத்தோடு ஒரு முட்டை, மிருதுவாகக் கிண்டியது. முட்டை சாப்பிடாத வீடென்றால் 35 கிராம் பன்னீரை உதிர்த்து அதே மாதிரி தாளிக்கலாம். இந்த வேளை 14 கிராம். ரசம் வேண்டாம் என்று சொன்னால் சாப்பாடே வேண்டாம் என்பார், அதனால் ரசத்தை நிறுத்தவில்லை, இடத்தை மாற்றினார்கள். முடிவில், சின்ன டம்ளரில், குடிப்பதற்கு.

நாலு மணிக்கு மேரி பிஸ்கட் இருந்த இடத்தில் மட்கி உசல் வந்தது. மட்கி என்பது நம் ஊரில் நரிப்பயறு. முளைகட்டியதை இங்கே காய்கறிக்காரரிடமே வாங்கலாம். 20 கிராம் பயறின் உசல், நன்றாக வெந்து மசிந்தால்தான் இவருக்கு ஆகும், சந்தையில் மிசளுக்கு வேகவைக்கிற பதம் போதாது. டீயோடு சேர்த்து ஐந்தரை கிராம். இரவு அரைச் சப்பாத்தி அளவுக்கு மாவு, அதனோடு பிட்லா. கடலைமாவைக் கரைத்துத் தாளித்துக் கிண்டுகிற இந்தப் பதார்த்தம் பல்லில்லாதவருக்கென்றே செய்ததுபோல் மெத்தென்று இருக்கும். ஆறரை கிராம். படுப்பதற்குக் கொஞ்ச நேரம் முன் பால்பவுடர் சேர்த்த 100 மில்லி பால், ஆறு கிராம்.

கூட்டினால் 54. ஆற்றல் ஏறத்தாழ 1,200 கலோரி, கூடவே ஒரு சிறு வாழைப்பழமும் இன்னும் இரண்டு சின்ன ஸ்பூன் நெய்யும் சேர்த்தபோது 1,350ஐ ஒட்டி வந்தது. எடைக்குக் கிலோவுக்கு 30 கலோரி என்ற ஐரோப்பிய வழிகாட்டியின் அளவுகோல் இவருக்கு 1,380. தட்டில் வைத்த எல்லாமும் உள்ளே போகாது. நல்ல நாளிலும் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகும், அப்போது புரதம் 43தான். அதனால்தான் 46ஐக் குறியாக வைக்காமல் 54ஐ வைக்க வேண்டியிருந்தது. மிச்சத்தையும் சேர்த்துத் திட்டமிடாத உணவுத்திட்டம் காகிதத்தில் மட்டும் வெற்றிபெறும்.

எங்கே தவறும் என்று பார்த்தால், முதல் வாரத்திலேயே தவறியது. மருமகள் உற்சாகத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினார். அன்று மதியம் வயிறு உப்பியது, இரவுச் சாப்பாட்டை அம்மாள் தொடவில்லை. ஒரு வேளையில் கூட்டியது அடுத்த வேளையில் கழிந்துபோவது இந்த முயற்சியின் பொதுவான நோய். ஒரு நேரத்தில் ஒரு கிண்ணத்தை மட்டும் மாற்றி, நான்கைந்து நாள் விட்டு, மறுவேளை கெடவில்லை என்று உறுதியானபின் அடுத்ததற்குப் போக வேண்டும். அவர்கள் காபியில் தொடங்கி, தோசைக்கு வந்து, உசலைக் கடைசியாகச் சேர்த்தார்கள். மூன்று வாரம் பிடித்தது.

இரண்டாவது, தண்ணீர். ரசத்தையும் மோரையும் கஞ்சியையும் குறைத்தால் உள்ளே போகும் நீரும் குறைகிறது, முதியவருக்குத் தாக உணர்ச்சியும் மங்கியிருக்கும். மலச்சிக்கல் அப்படித்தான் வருகிறது, மலச்சிக்கல் வந்தால் இருந்த பசியும் போகும். சாப்பாட்டோடு தண்ணீரைக் குறைத்து, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கொடுக்க வேண்டும். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் போதவில்லை என்று பொருள். மாலையில் வெந்த கீரையோ பப்பாளியோ ஒரு கிண்ணம் இதற்குத் தேவை.

மூன்றாவது, கடையில் விற்கும் புரதப்பவுடர். டப்பாவில் எழுதியிருப்பதில் ஓர் அளவுக்கு எத்தனை கிராம் புரதம் என்று மட்டும் பார்த்தால் போதும். சிலவற்றில் சர்க்கரைதான் முன்னணி. உண்மையிலேயே சாப்பிட முடியாதவருக்கு, நாளைக்கு 400 கலோரியும் 30 கிராம் புரதமும் தருகிற மருத்துவ ஊட்டபானத்தை ஐரோப்பிய வழிகாட்டி பரிந்துரைக்கிறது. அதில் குறையில்லை. ஆனால் அதைக் காலை எட்டு மணிக்கு ஒரு பெரிய டம்ளராகக் கொடுத்தால் தோசை போய்விடும், பவுடர் தோசையின் இடத்தைத்தான் பிடித்திருக்கும். இரண்டு வேளைகளுக்கு நடுவில், சிறுகச் சிறுகக் கொடுத்தால்தான் கூடுதல். இருமலும் புரையேறுதலும் இருப்பவருக்கு உலர்ந்த கடலைப்பொடி, பொட்டுக்கடலை மாவு, முழு வேர்க்கடலை ஆகாது. விழுங்கும்போது அடிக்கடி புரையேறினால், உணவைப் பற்றிப் பேசுமுன் மருத்துவர் விழுங்குவதைச் சோதிக்க வேண்டும்.

சில நாட்களாக ஏறத்தாழ ஒன்றுமே சாப்பிடாமல் கிடந்தவரை இந்தத் திட்டத்தில் நேரடியாக ஏற்றிவிடக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பட்டினி கிடந்த உடம்பில் திடீரென உணவு சேர்ந்தால் இரத்தத்தின் உப்புகள் ஆபத்தான அளவுக்குச் சரியலாம். அது மருத்துவமனையில் செய்ய வேண்டிய வேலை.

எவ்வளவு கெட்டித்தனமாகத் தட்டை அடுக்கினாலும் சில சத்துகள் அதில் அடங்காது. பி12 அப்படி ஒன்று. தாவர உணவில் அது இல்லை, பாலில் கொஞ்சம்தான் உண்டு. வயதான இரைப்பையில் அமிலம் குறைவதால் உணவிலிருக்கும் பி12ஐப் பிரித்தெடுப்பதும் குறைகிறது. நீண்டகாலம் மெட்ஃபார்மின் சாப்பிடுகிற சர்க்கரை நோயாளிக்கும், அமிலம் குறைக்கும் மாத்திரையைத் தினமும் போடுகிறவருக்கும் இன்னும் குறையும். கால் மரத்துப்போவதும் தள்ளாடுவதும் மறதியும் 'வயசு' என்று ஒதுக்கப்படுகின்றன. இரத்தத்தில் பார்த்துவிட்டு மாத்திரையோ ஊசியோ போடுவதுதான் வழி. வைட்டமின் டி விஷயமும் அப்படியே, அடுக்குமாடி வீட்டுக்குள் பகல் முழுக்க இருப்பவருக்கு உணவால் அதை நிரப்ப முடியாது. கால்சியத்தைப் பெரும்பாலும் பாலும் சக்காவும் பார்த்துக்கொள்கின்றன, வாரம் இரண்டு நாள் ராகி சேர்ந்தால் நல்லது. இரும்புக்குச் செய்யக்கூடிய எளிய உதவி, டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளிவைப்பது.

ரஞ்சன்காவில் இருப்பதால் சதுர்த்தி பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. மாதந்தோறும் சங்கடஹர சதுர்த்தியன்று மகாகணபதி கோயிலுக்குப் போவதை இந்த அம்மாள் விடுவதில்லை, பகல் முழுக்க விரதம். அதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனமில்லை, எனக்கும் இல்லை. மராத்தியர் விரதத்துக்குச் சாப்பிடுகிற ஜவ்வரிசிக் கிச்சடியில் ஜவ்வரிசி கிட்டத்தட்ட வெறும் மாவுச்சத்து. அதைக் காப்பாற்றுவது அதில் சேரும் வறுத்த வேர்க்கடலைப் பொடிதான். வழக்கமாகத் தூவுகிறதை விட்டு 30 கிராம் பொடியைக் கலந்தால் 7 கிராம் புரதம் வந்துவிடும். பாலும் சக்காவும் விரதத்துக்கு விலக்கில்லை. அம்மாளுக்கு முதலில் ஜவ்வரிசியில் கடலை என்பதே விநோதமாக இருந்தது, 'பாயசத்துக்குப் போடறத உப்புமா பண்றாங்க' என்று சிரித்தார். இப்போது சதுர்த்தியல்லாத நாளிலும் கேட்கிறார்.

திட்டம் வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது? முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, தினம் பார்க்கிற முகம் மாறுவது தெரியாது. மாதம் ஒருமுறை, அதே எடைக்கருவியில், காலையில், ஒரேமாதிரி உடையில் எடை. கால் வீங்கியிருந்தால் எடை பொய் சொல்லும், நீர்க்கோவை சதை இழப்பை மறைத்துவிடும். எடைக்கருவி இல்லாத வீட்டில் தையல் டேப்பால் கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றி அளக்கலாம். முதியோர் ஊட்டச்சத்துச் சோதனைகளில் 31 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் எச்சரிக்கை. இன்னொன்று, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்பது. தசை கூடினால் எடைக்கு முன்னால் அது காட்டிக்கொடுக்கும். ஆனால் உட்கார்ந்தே இருந்தால் எவ்வளவு புரதம் கொடுத்தாலும் தசை அதை அதிகம் பயன்படுத்திக்கொள்ளாது. காலையும் மாலையும் பத்துப் பத்து முறை எழுந்து உட்காருவது இந்த அம்மாளின் நாள்முறையில் சேர்ந்தது, தோசைக்கு முன்னால்.

மூன்று மாதம் கழித்து எடை 47.5 கிலோ. பெரிய ஏற்றமில்லை, இறங்குவது நின்றிருந்தது. கெண்டைக்கால் ஒரு சென்டிமீட்டர் கூடியிருந்தது. கையூன்றாமல் எழ முடிந்தது. மருமகள் எழுதிவந்த தாளில் இன்னொன்றும் தெரிந்தது. மகனுக்கு இரவு ஷிஃப்ட் விழுந்த வாரங்களில் மதியச் சாப்பாடு முழுதாக உள்ளே போயிருந்தது, பகல் ஷிஃப்ட் வாரங்களில் பாதி மிச்சம். சமையல் ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். இரவு ஷிஃப்டில் அவர் மதியம் தூங்கி எழுந்து அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். பகல் ஷிஃப்ட் வாரங்களுக்கு இப்போது கீழ்வீட்டு மராத்திப் பாட்டி தன் டப்பாவை எடுத்துக்கொண்டு மேலே வருகிறார். இருவருக்கும் பொதுமொழி இல்லை. பிட்லாவுக்குக் கடுகு எப்போது போடுவது என்பதில் மட்டும் தினமும் சண்டை.